நாற்பது பேருக்கு எழுதிய அழைப்பு

எங்கள் ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தில் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம்தான். கடிதம் எழுதுகிற வேலையைத் தலையில் போட்டுக்கொள்ள வேறு ஆள் இல்லை. தலைவர் கையெழுத்துப் போடுவார், மாலை போடுவார், போட்டோவில் நடுவில் நிற்பார். மற்றதெல்லாம் என் பாடு.

அந்தச் சித்திரையில் மச்சான் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி நேராக என் வீட்டுக்கு வந்தார். என் அக்காவைக் கட்டியவர். மெட்டுக்கு மேலே ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம், அது ஒன்றுதான் அவர்களுக்குப் பிழைப்பு. காப்பியைக் கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, நாலஞ்சு தூர்ல அழுகல் விழுந்துருச்சு. தண்டைத் தொட்டாச் சாயுது. கடைக்காரன் குடுத்த மருந்தெல்லாம் ஊத்திப் பாத்துட்டேன். மழை விழுந்துச்சுன்னா தோட்டம் பூராப் பரவிரும். வெவரம் தெரிஞ்ச ஆளு யாராச்சும் வந்து பாத்துச் சொன்னாத் தேவலை."

அவருக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை அது. அந்தச் சரிவில் பாதித் தோட்டத்தில் அதே கதைதான். அன்றைக்கு மாலையே உட்கார்ந்து எழுதினேன். மலையில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் நோய்களுக்கென்றே ஒரு பெண் விஞ்ஞானி இருந்தார். அரசாங்க வேலையில் இருப்பவர் மேலதிகாரி அனுமதி இல்லாமல் வெளியே பேச வர முடியாது என்பதால் கடிதத்தை நிலையத் தலைவருக்கே எழுதி, அந்த அம்மாவை அனுப்பி வைக்கும்படி கேட்டேன். பொருள்: ஏலச்செடியில் தூர் அழுகல், மழைக்கு முன் செய்ய வேண்டியவை. கேட்க வருபவர்கள் சுமார் நாற்பது பேர், எல்லோரும் சிறு விவசாயிகள். இடம் சங்க அலுவலக மாடி. நாள்: வைகாசியில் மூன்று சனிக்கிழமைகள், அவருக்குத் தோதானது எதுவோ அது. போக வர ஜீப், மதியச் சாப்பாடு, சங்கத்தால் முடிந்த ஒரு சிறு மரியாதைத் தொகை. ஒரு பக்கம் கூட வரவில்லை. எனக்கே திருப்தியாக இருந்தது.

மறுநாள் கமிட்டியில் தலைவர் அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன தம்பி இது, நாப்பது பேருன்னு எழுதியிருக்க? அம்புட்டுப் படிச்ச அம்மாவக் கூப்பிட்டு மாடியில பாயி விரிச்சு உக்கார வைக்கவா? வெளிய தெரிஞ்சாக் காறித் துப்புவாங்க. முந்நூறுன்னு போடு."

"முந்நூறு பேருக்கு எங்கண்ணே போறது?"

"ஆளு வரும். நீ போடு."

முந்நூறு என்றால் மாடி போதாது, கல்யாண மண்டபம் வேண்டும். வைகாசி, ஆனி இரண்டும் முகூர்த்த மாசம், ஊரில் ஒரு மண்டபமும் காலி இல்லை. ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, வாடகையும் பாதி. ஆக, ஆடியில் மூன்று தேதிகள் என்று கடிதம் மாறியது. முந்நூறு பேருக்கு ஒரே நோயைப் பற்றிப் பேசினால் எடுபடாதாம். பொருளும் 'ஏலக்காய் சாகுபடி: இன்றும் நாளையும்' ஆனது. ஆடிக்குள் மேலே மழை பிடித்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிடும், அப்புறம் வந்து என்ன பிரயோசனம் என்று கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன். ஒருவர் என் தோளைத் தட்டி உட்கார வைத்தார். கை தூக்கச் சொன்னார்கள். என் கை ஒன்றுதான் எதிர்ப்பக்கம்.

மச்சானிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "ஆடியாச்சும் வர்றாங்களே" என்றார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நிலையத்திலிருந்து பதில் வந்தது. அந்த அம்மா ஆடியின் முதல் தேதியையே எடுத்துக்கொண்டார். திரையும் புரொஜெக்டரும் மட்டும் கேட்டிருந்தார்.

வைகாசி முடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. போனில் அக்கா குரல் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலில் ஓடையோரம் என்றாள், பிறகு மேல்பாத்தி என்றாள், அதற்கப்புறம் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

கூட்டத்தன்று மலைப்பாதையில் மண் சரிந்து, மேலேயிருந்து இறங்கி வந்த விவசாயிகள் முப்பது பேர் தேறினால் அதிகம். தலைவர் அசரவில்லை. காய் தரம் பிரிக்கும் குடோன்களிலிருந்து பெண்களை வேன் வைத்துக் கூட்டிவந்து நாற்காலிகளை நிரப்பினார். அன்றைய கூலியும் சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு என்று சொல்லியிருந்தார்களாம். பாவம், கால் நீட்டி உட்காரக் கிடைத்த நாள் என்று பாதிப் பேர் கண் அசந்துவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

பொன்னாடை, மாலை, வரவேற்புரை என்று ஒரு மணி நேரம் போனது. விஞ்ஞானி அம்மா நன்றாகத்தான் பேசினார். மலையாளம் கலந்த தமிழ், தெளிவான படங்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொன்னார். அழுகலைப் பற்றி இரண்டே படங்கள். கேள்வி நேரம் வந்தபோது தலைவர் எழுந்து நன்றி சொல்லிவிட்டார்.

சாப்பாட்டுப் பந்தியில்தான் மச்சான் விஞ்ஞானி அம்மாவிடம் போனார். கையில் ஈரச் சாக்கு, அதற்குள் தோண்டி எடுத்த ஒரு தூர். அந்த அம்மா இலையில் சோறு வாங்காமல் எழுந்து வெளியே வந்தார். மண்டபத்தின் பின்பக்கம் குந்தி, கத்தியால் கிழங்கைக் கீறி, மூக்கருகே கொண்டுபோனார்.

"மருந்து என்ன ஊற்றினீங்க?"

"தாமிர மருந்தும், அழுகலைத் தடுக்குற நல்ல பூஞ்சாணம்னு ஒரு பொடியும். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து ஊத்துனேம்மா. ரெண்டும் நல்லதுன்னுதானே சொன்னாங்க."

"ஒண்ணா ஊத்தினா தாமிர மருந்தே அந்த நல்ல பூஞ்சாணத்தைக் கொன்னுடும் சேட்டா. ரெண்டுக்கும் நடுவில் பதினைஞ்சு நாளாவது விடணும்." அப்புறம் என்னைப் பார்த்தார். "இதை ஏன் மழைக்கு முன்னாடி கேட்கலை? முந்நூறு பேர், பொதுவான தலைப்புன்னு எழுதினீங்க. நான் அதுக்குத்தான் தயார் பண்ணினேன். முப்பது, நாற்பது பேர்னா மண்டபமே வேண்டாமே, தோட்டத்துக்கே வந்திருப்பேன். செடியைப் பக்கத்தில் வச்சுத்தான் இதைச் சொல்லித்தர முடியும்."

உள்ளே தலைவர் பத்திரிகைக்காரரிடம் கூட்டத்தின் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அந்த நிமிடம் உள்ளே போய் அவர் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. போகவில்லை, மச்சான் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இப்ப என்னம்மா பண்றது?" என்று கேட்டார் மச்சான்.

எத்தனை தூரில் வந்திருக்கிறது என்று கேட்டார் அவர். முக்கால்வாசி என்றார் மச்சான். அந்த அம்மா சற்று நேரம் கத்தியைத் துடைத்தார். பிடுங்கி அழிக்க வேண்டும், வடிகால் எடுக்க வேண்டும், அந்த மண்ணில் உடனே புதுச் செடி நடக் கூடாது என்று மெதுவாகச் சொன்னார். "அடுத்த வருஷம் மழைக்கு முன்னாடியே கூப்பிடுங்க. நேரா உங்க தோட்டத்துக்கே வர்றேன்."

"அடுத்த வருஷம் எனக்கு ஏது தோட்டம்?" என்றார் மச்சான். மரியாதையாகத்தான் சொன்னார், கை கூடக் கூப்பினார்.

சாக்கைத் திரும்ப மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், நோய் வழியெல்லாம் விழும், இங்கேயே எரித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். நானும் மச்சானும் மண்டபத்துக்குப் பின்னால் காய்ந்த தென்னமட்டையைக் குவித்து அதன்மேல் தூரை வைத்தோம். மட்டை எரிந்து சாம்பலாகிவிட்டது. நீர் கோத்த கிழங்கு மட்டும் வேகிற வாடையோடு அப்படியே கிடந்தது. இன்னும் கொஞ்சம் மட்டை கொண்டா மாப்ளே என்றார் அவர்.