இரண்டு பேர், இரண்டு வலி

பாயான் லெப்பாஸ் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எனக்கும் அக்காவுக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துச் சிப்பில் கீறல் தேடும் வேலை. ஷிஃப்ட் முழுக்க அசையாமல் உட்கார வேண்டும். அக்கா என்று கூப்பிட்டாலும் சொந்தமில்லை. ஜெலுத்தோங்கில் ஒரே ஃப்ளாட் கட்டடத்தில் குடியிருந்தோம், ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் போய் வந்தோம், அவ்வளவுதான்.

வலி எனக்குத்தான் முதலில் வந்தது. வலது பிட்டத்துக்குள்ளே, கை போட்டுத் தேய்த்தாலும் எட்டாத ஆழத்தில். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் தொடங்கும், எழுந்து நடந்தால் மெல்லக் குறையும். சில நாள் பின்தொடை வரைக்கும் கூசிக்கொண்டே இறங்கும். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சில மாதங்களில் அக்காவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறத் தொடங்கினார். கிளினிக்கில் டாக்டர் எங்கள் இருவருக்குமே சயாட்டிகா, முதுகில் நரம்பு நசுங்கிக் காலில் இறங்கும் வலி என்று சொல்லி, ஒரே மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்.

மாத்திரை தீர்ந்தது, வலி தீரவில்லை. பஸ்ஸில் உட்காரப் பயந்து கம்பியைப் பிடித்து நின்றே போவேன். வேலை போய்விட்டால் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைப்பது என்றுதான் வழியெல்லாம் நினைப்பு. வாழ்நாள் முழுக்க இப்படியேதானா என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

கெலுகோரில் ஒரு பிசியோதெரபி நிலையம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஓய்வு நாளில் இருவருமாகப் போனோம். பார்த்தவர் எங்களைவிட இளைய தமிழ்ப் பெண். தனித்தனியாக வரச் சொன்னார். எங்களுக்குள் என்ன ஒளிவுமறைவு, சேர்ந்தே பாருங்கள் என்று அக்கா சொல்லிவிட்டார்.

முதலில் என்னைக் குனியச் சொன்னார், பின்னால் வளையச் சொன்னார். முதுகில் ஒன்றுமில்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்கால் மடங்காமல் காலை மெல்லத் தூக்கினார். பின்தொடை இழுத்தது, அவ்வளவுதான். கால்விரல்களில் பலம், தோலில் உணர்ச்சி, சின்னச் சுத்தியால் முழங்காலில் தட்டினால் வரும் துள்ளல், எல்லாம் சரியாக இருந்தன. பிறகு முழங்காலை மடக்கி, எதிர்த் தோளை நோக்கித் தள்ளித் தொடையை உள்பக்கம் திருப்பினார். அதே வலி, அதே இடத்தில். குப்புறப் படுக்க வைத்துப் பிட்டத்தின் நடுவே விரலை ஆழமாக அழுத்தியபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு நரம்பு முதுகுல நசுங்குற மாதிரி தெரியல. இங்க உள்ள பிரிஃபார்மிஸ்னு ஒரு சின்னத் தசை இருக்கு. அது இறுகிப் போச்சு. பெரிய நரம்பு அதுக்கு அடியிலதான் போகுது, அதனாலதான் தொடையில கூசுது" என்றார். ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் இது தெரியாது, மற்றதெல்லாம் இல்லையென்று பார்த்துத்தான் இதைச் சொல்ல முடியும் என்றும் விளக்கினார்.

அடுத்து அக்கா படுத்தார். காலைப் பாதி தூக்குவதற்குள் உடம்பு விறைத்தது. வலி இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல ஓடுகிறது என்றார். இருமினாலும் தும்மினாலும் அப்படித்தானாம். இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. பாதத்தின் மேல்புறம் மரத்திருந்தது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார் அந்தப் பெண்.

"தூக்குறேன்லா" என்றார் அக்கா. விரல் அசையவில்லை.

பிறகு அந்தப் பெண் அக்காவின் காலை மெல்லக் கீழே வைத்தார். இதுதான் முதுகிலிருந்து வரும் சயாட்டிகா, விரலில் பலம் குறைந்திருப்பதால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது என்றார். சிறுநீர் போவதில் சிரமமோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவதோ வந்தால் அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போகும்படி இரண்டு முறை சொன்னார்.

அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. கால் வலி குறைந்தது. பாதத்தில் மட்டும் பலம் முழுதாகத் திரும்பவில்லை. நடக்கும்போது கால் தரையில் இடறுகிறது. வேலையை விட்டுவிட்டு நிபோங் திபாலில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன் பேசும்போது வலி எப்படி என்று என்னைத்தான் கேட்பார்.

என்னுடையது சின்னத் தசைதான். தினமும் படுத்து, ஒரு கணுக்காலை மறு முழங்கால்மேல் போட்டுத் தொடையை நெஞ்சுப் பக்கம் இழுக்கிறேன். இழுத்த பிறகு கொஞ்சம் லேசாகும். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னார். சூப்பர்வைசரிடம் கேட்டேன். லைன் நின்றுவிடும், எல்லாருக்கும் வலிதான் என்றார்.

அதனால் உட்கார்ந்தே இருக்கிறேன். மதியத்துக்குள் அந்தத் தசை உள்ளே திரும்பவும் முறுக்கிக்கொள்ளும். என்ன வலி என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே லென்ஸில் கண்ணை வைத்து, அடுத்த சிப்பை நகர்த்துகிறேன்.