கல் பொடி கலந்த சிமெண்ட்

இசைவாணிக்குப் பணிந்து போகத் தெரியாது என்பது பசுமலை ரோட்டில் அவள் வேலை பார்க்கும் சோதனைக்கூடத்துக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் தெரியும். வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். சொந்த ஊர் கீழக்குயில்குடி. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதச் சொன்ன அப்பாவிடம், "எனக்கு ஆசிட் வாடைதான் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். சிமெண்ட், செங்கல், மணல் எல்லாவற்றையும் சோதித்துச் சான்று கொடுக்கும் இடம் அது. முதலாளி ஹரிஷங்கர் சிவில் என்ஜினீயர்.

போன மழைக்காலத்தில் ஊராட்சித் தலைவி சீனியம்மாள் ஒரு டப்பாவில் சிமெண்ட் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக இரண்டு வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்ட பூச்சை நகத்தால் கீறினாலே உதிர்கிறதாம்.

இசைவாணி சிமெண்டை எடை போட்டு நீர்த்த ஆசிட்டில் கரைத்தாள். பொங்கியது. நல்ல சிமெண்ட் அப்படிப் பொங்காது. கரைந்த நீரை வடிகட்டி, இரும்பும் அலுமினியமும் குறுக்கிடாமல் மருந்து சேர்த்து, காரமாக்கி, நிறங்காட்டியைப் போட்டாள். அளவுக்குழாயான ப்யூரெட்டிலிருந்து, சுண்ணாம்பை அளக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசல் சொட்டுச் சொட்டாக விழ, ஒயின் சிவப்பு தெளிந்த நீலமாக மாறியது. கணக்குப் போட்டால் சுண்ணாம்பு அறுபது சதவீதம். சிமெண்டில் இருக்கவேண்டிய அளவுதான்.

பொங்கியதற்கு அது பதில் இல்லை. இன்னொரு கிராம் சிமெண்டை பீங்கான் மூசையில் வைத்து, மஃபிள் சூளையில் தொள்ளாயிரத்தைம்பது டிகிரியில் சுட்டாள். ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியில் ஆறவைத்து எடை பார்த்தாள். எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சுட்டாள். பத்து சதவீதம் காணாமல் போயிருந்தது. நாலுக்கு மேல் போகக் கூடாது.

சேதி எப்படியோ பள்ளிக்கூடத்தைக் கட்டும் காண்ட்ராக்டர் விருமாண்டிக்கு எட்டிவிட்டது. மறுநாள் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, சுண்ணாம்பு சரியா இருக்குன்னு நீங்கதான சொல்றீக? பெறகு என்ன குறை?"

"சுண்ணாம்புக்கல்லையும் ஆசிட்ல கரைச்சா சுண்ணாம்புதான் வரும்ணே. அதுலயே ஐம்பதுக்கு மேல இருக்கும். கல் பொடியைக் கலந்தாலும் இந்த டெஸ்ட்ல பெரிசா தெரியாது. சுட்டாத்தான் தெரியும். கல்லுல இருக்குற கார்பன் டை ஆக்சைடு போயிரும், எடை குறையும்."

விருமாண்டி அவளைவிட்டு ஹரிஷங்கரைப் பார்த்தார். ஹரிஷங்கர் அவளை உள்ளே கூப்பிட்டார். "சுண்ணாம்பை மட்டும் ரிப்போர்ட்ல போட்டுரு. சூளைக் கணக்கை விட்டுரலாம். மழையில ஈரம் பட்ட சிமெண்டா இருக்கும்னு அவர் சொல்றாரு. அதுவும் எடை குறையத்தான செய்யும்?"

"ஈரம்தானான்னு பாத்துரலாம் சார். அவருக்கு முன்னாலயே."

"வீம்பு பண்ணாத, இசைவாணி."

"கையெழுத்து என்னோடது சார். பாதி ரிப்போர்ட்டுல போடமாட்டேன். பசங்க தலைக்கு மேல நிக்கப்போற கட்டடம்."

இசைவாணி சொல்லியனுப்ப, சீனியம்மாள் வந்தார். விருமாண்டி கண்ணுக்கு முன்னாலேயே கட்டுமான இடத்திலிருந்து வாய் பிரிக்காத ஒரு மூட்டையைக் கொண்டுவரச் செய்து, அதிலிருந்து மாதிரி எடுத்தார்கள். இசைவாணி இந்தமுறை இரண்டு படியாகச் சுட்டாள். முதலில் ஐநூற்றைம்பது டிகிரி. சிமெண்ட் உறிஞ்சிய நீர் பெரும்பாலும் அதற்குள் போய்விடும். குறைவு ஒன்றரை சதவீதம்தான். அப்புறம் தொள்ளாயிரத்தைம்பது. தராசில் எண் நிலைத்தபோது மொத்தக் குறைவு மறுபடியும் பத்தைத் தொட்டது.

"ஈரம்னா மொதச் சூட்டுலயே போயிருக்கணும்," என்றாள். "பெரும்பங்கு ரெண்டாவதுலதான் போயிருக்கு. இது கல்லு."

விருமாண்டி எழுந்தார். "நாங்க அனுப்புற சாம்பிள் இனி இங்க வராது, ஹரிஷங்கர்."

"வந்தாலும் இதே சூளைதான்ணே," என்றாள் இசைவாணி.

முழு ரிப்போர்ட்டையும் அடித்துக் கையெழுத்துப் போட்டு, சோதனை கேட்டிருந்த சீனியம்மாள் கையில் கொடுத்தாள். ஹரிஷங்கர் தன் பெயரைப் போடவில்லை. சீனியம்மாள் அதைக் காட்டி வேலையை நிறுத்தினார். பூசிய சுவரை உடைத்து, மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவைத்தார்.

சனிக்கிழமை ஹரிஷங்கர் அவளிடம், "நீயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லது," என்றார்.

"எழுதுறேன் சார். காரணம்னு ஒரு வரி வேணும்ல? நீங்க சொல்லுங்க, அப்படியே எழுதுறேன்."

ஹரிஷங்கர் பேனாவை மேசைமேல் உருட்டினார். வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை இசைவாணி வழக்கம்போல் வந்து, சூளையைப் போட்டுவிட்டு, சூடேறும் முள்ளைப் பார்த்தபடி சாப்பாட்டு டப்பாவை அலமாரியில் வைத்தாள். வாசலில் ஒருவர் சிமெண்ட் டப்பாவோடு நின்றார். பக்கத்து ஊராட்சியில் இருந்து வந்திருக்கிறாராம்.

"இங்க இசைவாணின்னு ஒரு பொண்ணு..."

"நான்தான். டப்பாவைக் குடுங்க," என்றாள்.