இரண்டடிக் காயும் ஒரு சுண்டுவிரலும்

கம்பத்தில் சேக் பரீத்தின் காய்கறிக் கடையில் நிலோபருக்கு வேலை, தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தைப் பார்த்து, எந்த முருங்கைக்காயைப் பறிக்கலாம் என்று சொல்வது. பறித்த காய் தோட்டத்திலிருந்தே ஜீப்பில் ஏறிக் குமுளி ஓட்டலுக்குப் போய்விடும். இடையில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். அதற்குத்தான் போன வாரம் ஆபத்து வந்தது. படத்தில் ஒல்லியாகத் தெரிந்த இரண்டடிக் காய்க்குச் சரி என்று சொல்லிவிட்டாள். நீளம் கண்ணைக் கட்டிவிட்டது. வந்ததோ கட்டைவிரல் பருமன். அவியலில் போட்ட சமையல்காரர், கடிக்கக் கடிக்க நாராக வருகிறது என்று போனிலேயே கத்தித் தீர்த்தார்.

"இன்னொருக்கா நாரு வந்துச்சுன்னா நீ பில்லு போடப் போயிரணும் ஆத்தா. நீளக்காய எடுக்கவே எடுக்காத," என்றார் சேக் பரீத்.

இன்று இரண்டு தோட்டங்களிலிருந்து படங்கள். சலீம் அனுப்பியது ஒன்றரையடிக் காய், பளபளவென்று இருந்தது. பொட்டிப்புரம் வேல்விழி அனுப்பியது மறுபடியும் இரண்டடிக் காய். அவள் தோட்டத்துச் செடிமுருங்கை பிஞ்சிலேயே நீளும் என்பது நிலோபருக்குத் தெரியும். ஆனால் முதலாளியிடம் அதை யார் சொல்வது?

சலீம் படத்தைப் பெரிதாக்கினாள். மினுமினுப்பு தண்ணீர் தெளித்ததால் வந்தது. அதற்கடியில் தோல் வெளிறி, வரிகள் ஆழமாக ஓடின. விதை இருக்கும் இடமெல்லாம் புடைத்திருந்தது. உடனே வேல்விழியைக் கூப்பிட்டாள்.

"வேலு, காயத் தொடச்சு, நெழல்ல வச்சு, பக்கத்துல சுண்டுவெரல வச்சு எடுத்து அனுப்பு."

"வெரலு எதுக்குக்கா?"

"அது இல்லாம எம்புட்டுத் தடின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

படம் வந்தது. காயும் விரலும் ஒரே பருமன். தோல் பச்சையாக, புடைப்பில்லாமல் இருந்தது. வேல்விழிக்கே சரி சொன்னாள்.

சேக் பரீத்துக்கு முகம் சுண்டிவிட்டது. "சமையக்காரக என்ன சொல்றாகன்னு பாப்போம்," என்றதோடு சரி.

மத்தியானம் நிலோபர் சலீமைக் கூப்பிட்டு, "முத்திருச்சுண்ணே. அடுத்த பறிப்ப நாலு நாளு முந்தியே படம் எடுத்து அனுப்புங்க," என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

நாலு மணிக்குச் சமையல்காரரிடமிருந்து சேக் பரீத்தின் போனுக்கு, சாப்பிட்டு முடித்த ஒரு தட்டின் படம் மட்டும் வந்தது. சேக் பரீத் அதைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார், கடைசியில் போனை அவளிடம் நீட்டினார்.

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீயே பாத்துச் சொல்லு."

தட்டோரத்தில் கிடந்த சக்கை கைப்பிடிகூடத் தேறாது. நார் திரிதிரியாக எங்கும் இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா சாப்பிட்ருக்காக மாமா," என்றாள்.

"அப்ப நாளைக்கும் நீயே பாத்துரு," என்று சொல்லிவிட்டு, பில் புத்தகத்தை அவரே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.