பாதிப் பூ கீழே

எனக்குக் கோபம் சட்டென்று வரும். கடையில் எல்லோருக்கும் தெரியும். ஹட்டனில் பேனர், டீ-சர்ட், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குக் கொடி என்று அச்சடிக்கும் கடை எங்களுடையது. அதற்கு முன்னால் ஏழு வருடம் கொழும்பில் ஒரு துணிக் கம்பெனியில் டிசைன் பிரிவில் இருந்தேன். பூவையும் இலையையும் கட்டம் கட்டி, கட்டத்துக்குப் பக்கத்தில் கட்டம் வைத்தால் ஒட்டே தெரியாமல் துணி முழுக்க ஓடும்படி செய்வதுதான் அங்கே என் வேலை. அந்தக் கர்வம் ஊருக்கு வந்த பிறகும் போகவில்லை. அன்றைக்கும் அதுதான் என் கண்ணை மறைத்தது.

மண்சரிவு நடந்து ஐந்தாம் நாள் அவள் வந்தாள். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். முப்பது வயது இருக்கும். அவள் மலைக்குப் போயிருந்த நேரத்தில் மேட்டிலிருந்து மண் இறங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி நான்கு வீடுகளைக் கொண்டுபோயிருந்தது. அவளுடைய எட்டு வயது மகள் காய்ச்சல் என்று வீட்டிலேயே படுத்திருந்தாள். மற்றவர்களை ராணுவத்தார் தோண்டி எடுத்துவிட்டார்கள். இந்தப் பிள்ளையை மட்டும் காணவில்லை.

"அக்கா, இந்த போட்டோவுல புள்ள போட்டிருக்க சட்டைதாங்க அன்னைக்கும் போட்டிருந்தா," என்று போனை நீட்டினாள். "மண்ணுக்குள்ள துணிமணி நெறைய வருது. ஆமிக்காரங்க ஒவ்வொண்ணா கொண்டாந்து காட்டுறாங்க. அவங்க கையில இதே துணி ஒண்ணு இருந்தா, துண்டு கெடைச்சாலும் அவங்களே கண்டுபுடிச்சிருவாங்கல்ல?"

"கடையில வாங்கின துணியா மா?"

"சந்தையில வாங்கி நானே தச்சேன். மிச்சத் துணியும் வீட்டோட போயிருச்சுங்க."

பிறந்தநாள் படம் அது. மஞ்சள் துணி. ஐந்து இதழ் வைத்த நீலப் பூ, அதன் காம்பில் இரண்டு இலை, பக்கத்தில் மூன்று சிவப்புக் காய். பிள்ளை கொஞ்சம் திரும்பி நிற்கிறாள், முன்னால் கேக் மறைக்கிறது. தெரிவதே மூன்று பூ, அதில் ஒன்றாவது முழுதாகத் தெரிய வேண்டுமே! ஒன்றில் மடிப்பு, ஒன்றில் கை, ஒன்றில் ரிப்பன். "நாளைக்கு வாங்க, செஞ்சு வைக்கிறேன்," என்றேன்.

சாய்ந்திருந்த படத்தை முதலில் நேராக்கினேன். குண்டு பல்பு வெளிச்சத்தில் துணி ஆரஞ்சாகத் தெரிந்தது, அந்த நிறத்தைக் குறைத்தேன். ஒரு பூவிலிருந்து மேல் இதழ்களையும் இன்னொன்றிலிருந்து கீழ் இதழ்களையும் எடுத்துச் சேர்த்து ஒரு முழுப் பூ ஆக்கி, அதன் மேல் புதிதாக வரைந்தேன். இலைக்கும் காய்க்கும் அதே பாடு. பொத்தான் அரை அங்குலம் என்று அவள் சொல்லியிருந்தாள், அதை வைத்துப் பூவின் அளவைக் கணக்கிட்டேன்.

பூக்கள் கிடைத்துவிட்டன. அவற்றை எப்படி அடுக்குவது என்பதுதான் மீதி. நேர் அடுக்கு என்றால் பூக்கள் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒரே கோட்டில் நிற்கும். செங்கல் அடுக்கில் ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசைக்குப் பாதி தள்ளி இருக்கும், சுவரில் கல் வைக்கிற மாதிரி. பாதி இறக்கம் என்பது மூன்றாவது. மேலிருந்து கீழாக ஓடும் ஒரு நிரலில் பூ நிற்கும் இடத்துக்குப் பாதி கீழே, இரண்டு பூவுக்கு நடு மட்டத்தில், பக்கத்து நிரலின் பூ நிற்கும். பூ அதே பூதான், ஆனால் துணி வேறாகிவிடும். கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன்.

மூன்றையும் செய்து பார்த்தேன். வெறுமனே நகர்த்தி வைத்தால் ஆகாது. நேர் அடுக்கில் கட்டத்தின் வலது ஓரத்தில் வெட்டுப்படும் இலை, இடது ஓரத்தில் அதே உயரத்தில் தொடர வேண்டும். பாதி இறக்கத்தில் அது கட்டத்தின் பாதி உயரம் தள்ளித் தொடர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தைத் தனித்தனியாகத் திருத்தினேன்.

மறுநாள் அவள் வந்ததும் மூன்றையும் திரையில் காட்டினேன். பார்த்த உடனேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எல்லாமே அது மாதிரிதாங்க இருக்கு," என்றாள். அதற்கு மேல் திரையைப் பார்க்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சரி, படமே சொல்லட்டும் என்று எடுத்துக்கொண்டேன். நெஞ்சில் இரண்டு பூ, ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. நடுவில் இன்னொரு வரிசைக்கு இடமே இல்லை. அதனால் செங்கல் அடுக்கைத் தள்ளினேன். அக்குளுக்குப் பக்கத்தில், ஒரு மடிப்பைத் தாண்டி, பக்கத்து நிரலின் பூ பாதி தெரிந்தது. கோடு போட்டுப் பார்த்தேன். நெஞ்சிலிருந்த பூவின் மட்டத்திலேயே, மயிரிழை பிசகாமல் நின்றது. பிறகென்ன? நேர் அடுக்கு! எவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

எங்கள் மெஷின் பருத்தியில் அடிக்காது. பாலியெஸ்டரில் இரண்டு மீட்டர் அடித்து, சூடு வைத்துக் கொடுத்தேன். அவள் ஒரு துண்டை வெட்டித் தேடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டு, மீதியை வைத்துக்கொண்டாள்.

நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. "அக்கா, ஒரு துண்டு கெடைச்சிருக்காம். நீங்களும் வாங்களேன். எனக்குப் பாக்க பயமா இருக்கு." பஸ் பிடித்துப் போனேன். இடம்பெயர்ந்தவர்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். மேசை மேல் அலசிய துணி கிடந்தது. இரண்டு கையகலம்தான். லயத்திலிருந்து வெகுதூரம் கீழே, ஓடை திரும்புகிற இடத்தில் எடுத்தார்களாம். இது அந்தப் பிள்ளையுடையது என்றால் மறுநாள் மண் தோண்டும் பெக்கோ மெஷினை அங்கே இறக்கித் தோண்டுவார்கள், இல்லையென்றால் மெஷின் மேலேயே நிற்கும் என்று கிராம சேவகர் சொன்னார்.

"மேக்கத அம்மே?" என்று ஓர் ஆமிக்காரப் பையன், இதுவா அம்மா என்று, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்.

அவள் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடையிலிருந்து நான் கொண்டுபோயிருந்த மாதிரி அச்சைப் பக்கத்தில் விரித்தேன். பூவின் அளவு சரி. இரண்டு இலை, மூன்று காய், எல்லாம் சரி. மேலும் கீழுமாக இரண்டு பூ. ஆனால் பக்கத்துப் பூ அவற்றின் மட்டத்தில் இல்லை. பாதி கீழே இறங்கி நின்றது.

"இது வேற துணி மா," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. "அடுக்கு வேற. மில்லுக்காரங்க ஒரே பூவ வச்சு ரெண்டு மூணு விதமா அடுக்கி விடுவாங்க. சந்தையில எல்லாந்தான் கெடைக்கும். இது பாப்பாவோடது இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். "இல்லைங்க," என்றாள் கிராம சேவகரிடம். "என் புள்ளையோடது இல்ல." அவர் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு பெரிய நிம்மதி. ஒரு தாய்க்கு நம்பிக்கை கொடுத்துவிட்ட நினைப்பு! பெக்கோ மேலேயே நின்றது. பத்து நாள் போல் தோண்டினார்கள். மறுபடி மழை பிடித்துக்கொள்ள, தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். தோட்டத்துப் பழைய ஸ்டோர் ஒன்றைத் தகரம் அடித்துத் தடுத்து, குடும்பத்துக்கு ஒரு பகுதி கொடுத்திருந்தார்கள். அவள் தரையில் உட்கார்ந்து என் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தாள். சின்னச் சட்டை. பழையதைவிட ஓர் அளவு கூட்டி வெட்டுவதாகச் சொன்னாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"ஒங்க துணி வெட்ட லேசா இருக்குங்க அக்கா," என்றாள். "பூவெல்லாம் நேரா நிக்குது. சந்தையில வாங்கின அந்தத் துணி அப்படி இல்ல. முன்பக்கத்த வெட்டிட்டு பின்பக்கத்த பக்கத்துல வச்சா, பூ பாதி கீழ நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல வரணும்னு, பாதிப் பூ கீழ எறக்கி வச்சு வெட்டினேன். எவ்வளவு துணி வீணாப் போச்சு தெரியுமா? ஆனா தச்சதுக்கப்புறம் பாக்கணும், தையல் இருக்க எடமே தெரியாது."

பிறந்தநாள் படம் கண்முன் வந்தது. அக்குளுக்குப் பக்கத்தில் நான் பார்த்தது மடிப்பில்லை. தையல். அதற்கு அப்பால் தெரிந்த பூ சட்டையின் பின்பக்கத் துண்டிலிருந்தது. மயிரிழை பிசகாமல் நின்றதே, அது மில்லுக்காரனின் அடுக்கு அல்ல, இவள் கைவேலை. துணி பாதி இறக்கம்தான். மேசை மேல் கிடந்தது இவள் மகளின் சட்டைதான். ஏழு வருடம் ஒட்டுத் தெரியாமல் துணி செய்தவள் நான், ஒரு தாய் ஒட்டுத் தெரியாமல் தைத்த சட்டையில் ஏமாந்துபோயிருக்கிறேன்.

"ஐயோ, தங்கச்சி," என்றேன். "அன்னைக்கு மேசையில இருந்தது... நான் தப்பா சொல்லிட்டேன் மா. பாவி நான். அது பாப்பாவோடதுதான். இப்பவே கிராம சேவகர்கிட்ட போய்ச் சொல்றேன். அந்த ஓடைத் திருப்பத்துல தோண்டச் சொல்லுவோம்."

அவள் கத்தரிக்கோலை நிறுத்தவில்லை.

"வேணாங்க அக்கா."

"ஏன் மா? அங்கதான் புள்ள..."

"தச்சவளுக்குத் தெரியாதா?" என்றாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. "பாத்த ஒடனே தெரிஞ்சிச்சு. வாயத் தொறக்கத்தான் முடியல. நீங்க இல்லன்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். தோண்டினா கெடைச்சிருவா. கெடைச்சிட்டா அப்புறம் நான் என்னங்க பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, என் மேலா, எனக்கே விளங்கவில்லை. "புள்ளைய அங்கயே விட்டுட்டு எப்படி மா சோறு திங்கிற?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் வெட்டிய இரண்டு துண்டையும் எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து, பூவுக்குப் பூ சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கதானே அக்கா?" என்றாள் கடைசியில். "இல்லன்னு மொதல்ல சொன்னது நீங்கதான். நான் தலையத்தான் ஆட்டினேன்."

பஸ்ஸில் வரும்போது, நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. இன்றுவரை போகவில்லை.