யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்த தோல்

என் வீட்டுக்காரருக்கு உட்கார்ந்து கடிதம் படிக்க வராது. நான் படிக்க வேண்டும், அவர் நடக்க வேண்டும். நல்ல சேதியாக இருந்தால் நடை மெதுவாக இருக்கும். யாழ்ப்பாணத்துக் கடைக்காரரின் அந்தக் கடிதத்தை நான் பாதி படிப்பதற்குள் பட்டறை வாசலுக்கும் வேப்பமரத்துக்கும் எத்தனை தடவை போய்வந்தாரோ, எனக்குத் தலை சுற்றியது. "ஒரு எடத்துல நில்லுங்க, படிக்கிறது காதுல விழ வேணாமா" என்றேன். "நீ படி" என்றார்.

அப்போது நாங்கள் திருக்கோகர்ணத்தில் இருந்தோம். வீடும் பட்டறையும் ஒரே மனையில். கோயம்புத்தூரிலிருந்து வார்ப்புகள் வரும்; கடைந்து, மரை போட்டு, பூட்டி, புட்வால்வாக்கி விற்போம். கிணற்றுக்குள் இறங்குகிற குழாயின் அடிநுனியில் மாட்டுகிற சாமான் அது. உள்ளே ஒரு வட்டத் தோல், மேலே கனத்துக்கு ஓர் இரும்புத் தகடு. பம்பு இழுக்கும்போது தோல் தூக்கிக்கொண்டு தண்ணீரை மேலே விடும். பம்பு நின்றதும் தோல் படிந்து, குழாயில் ஏறிய தண்ணீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்ளும். அது பிடிக்காவிட்டால் குழாயில் காற்று புகுந்துவிடும். மறுநாள் பம்பு சும்மா கத்துமே ஒழிய சொட்டுத் தண்ணீர் எடுக்காது.

அக்கம்பக்கத்தில் கிணற்றுப் பாசனம் செய்கிற சம்சாரிகள் ஒன்றும் இரண்டுமாக வாங்குவார்கள். பெட்டி பெட்டியாக வாங்கியவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர்தான். புதுக்கோட்டை ஸ்டேஷனில் ரயிலேற்றினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். புயல் வந்து அந்த வழியை மூடுவதற்கு முந்தைய வருஷங்கள் அவை. கடிதத்தை இன்றும் என்னால் ஏறக்குறைய அப்படியே சொல்ல முடியும்; அவ்வளவு தடவை படிக்கச் சொன்னார்.

"அன்புடையீர், தங்களிடமிருந்து வந்து சேர்ந்த நான்கு பெட்டி வால்வுகளில் மூன்றில் ஒரு பங்கு பழுதாய் உள்ளதை மனவருத்தத்துடன் அறியத் தருகிறேன். மாலையில் இயந்திரத்தை நிறுத்தினால் விடிவதற்குள் குழாய் வெறுமையாகி விடுகிறது. கமக்காரர் காலையில் வாளியால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் களைத்து, வால்வைக் கழற்றிக்கொண்டு என் கடை வாசலுக்கு வருகிறார்கள். அவர்கள் வெங்காயம் வாடுகிறது. நான் திறந்து பார்த்ததில், தோலின் ஓரத்தை எலி கடித்திருக்கிறது. சுங்கத்தில் திறந்தது ஒரு பெட்டியை மாத்திரம். மற்ற மூன்றும் தாங்கள் அடித்த ஆணியும் இரும்புப் பட்டியும் குலையாமல் வந்தன. பலகையில் ஓட்டை இல்லை. கடிபட்ட வால்வுகளோ நான்கு பெட்டியிலும் உண்டு. ஆகவே அது எங்கள் பக்கத்து எலி அல்லவென்று எண்ணுகிறேன். ஒரு தோலைக் கழற்றித் தனிப் பொட்டலமாக அனுப்பியுள்ளேன். அதைப் பார்த்துவிட்டு மறுமொழி எழுதவும். பாராமல் எழுத வேண்டாம்."

கடைசி வரி இவரைச் சுட்டுவிட்டது. "எனக்கே பாடம் சொல்றாரா" என்று மறுபடியும் வேப்பமரத்துக்குப் போனார். "ஒவ்வொண்ணையும் தொட்டியில வச்சுத் தண்ணி ஊத்திப் பாத்துல்ல அனுப்புனேன். ஒண்ணு ஒழுகுச்சா? எழுது. சாமான் இங்கிட்டிருந்து நல்லாத்தான் போச்சு, கப்பல்ல எலி கடிச்சிருக்கும்னு எழுது."

"பெட்டியில ஓட்டை இல்லைங்கிறாரே. எலி என்ன ஆணியைப் புடுங்கிட்டு உள்ள போயி, திரும்ப அடிச்சிட்டு வந்துச்சா?"

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவர் என்னை முறைத்தார்.

பொட்டலம் மறுநாள் வந்தது. அவிழ்த்ததும் இவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். இவருக்குத் தோல் என்றால் ஆகாது. தோலில்லாமல் வால்வு இல்லை, வால்வில்லாமல் எங்களுக்குச் சோறில்லை. ஆனாலும் தொட மாட்டார். பட்டறைக்குள் கடைசல் மெஷினுக்கு மேலே சாமி படம் இருந்தது. தோல் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வார்ப்பு உள்ளே கடையப்பட்டு வெளியே வரும். வேப்பமரத்தடியில் தோல் வேலைக்காரர் ஒருவர் உட்கார்ந்து, தோலை வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வால்வில் பூட்டுவார். தொட்டியில் வைத்துப் பார்ப்பதும் வெளியேதான். அதற்குப் பிறகு வால்வு உள்ளே போகாது. சுவரோரம் கூரை இறக்கிய சாய்ப்பில், பெட்டியும் ஏற்றுமதிக் காகிதமும் தயாராகும் வரை வாரக்கணக்கில் கிடக்கும்.

அந்த வேலைக்காரரை அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் 'அவன்' என்றுதான் சொல்வோம். இப்போது எழுதும்போது அப்படி எழுத வரவில்லை.

இவர் ஒரு குச்சியால் அந்தத் தோலைப் புரட்டிப் பார்த்தார். தீர்ப்பு அங்கேயே சொல்லியாகிவிட்டது. "சரியாப் பதப்படுத்தாத தோலு. நாத்தம் அடிச்சிருக்கு, அதான் எலி வந்திருக்கு." வேப்பமரத்தடிக்குப் போய், "நாளையிலேருந்து நீ வர வேணாம்" என்றார்.

தோல் வேலைக்காரர் உளியைக் கீழே வைத்தார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "எலி தின்னதுக்கு நான் என்ன செய்வேன் மொதலாளி" என்று மட்டும் கேட்டார். இவர் பட்டறைக்குள் திரும்பிவிட்டார். அவர் உளியையும் சுத்தியலையும் சாக்கில் சுற்றிக்கொண்டு அன்னவாசல் ரோட்டில் நடந்து போனார். அவருக்கு வேறு வேலை கிடையாது. செருப்புத் தைக்கிற இடத்தை அண்ணன் மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எங்களை நம்பி வந்தவர். வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் இருந்தாள்.

எனக்கு அன்றைக்கு உலை வைக்கக் கை ஓடவில்லை. அரிசியைக் களைந்தேன், வைத்துவிட்டு எழுந்தேன். திரும்ப உட்கார்ந்தேன். குச்சியால் புரட்டியதைப் பார்த்ததாகக் கணக்கில் எடுக்க முடியுமா? அந்த யாழ்ப்பாணத்து மனுஷர் எழுதியிருந்தாரே, பாராமல் எழுத வேண்டாம் என்று.

வாசலுக்குப் போய் அந்தத் தோலைக் கையில் எடுத்தேன். வழவழவென்று நல்ல தோல். ஓரத்தில் கதிர் அறுக்கும் அரிவாள் பல்லைப் போலச் சின்னச் சின்னக் கடி. மூக்கருகே கொண்டுபோனால் அழுகல் வாடை இல்லை. கடலை எண்ணெய் வாடை. எங்கள் வீட்டு எண்ணெய் வாடை அது. எங்கள் கொல்லைக்காட்டில் விளைந்த கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டி, காசு கொடுத்து வேறு எண்ணெய் எதற்கு என்று இவர்தான் தோல் ஊறவைக்கவும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடலை என்றதும் சாய்ப்பு ஞாபகம் வந்தது. அந்த வருஷத்துக் கடலை மூட்டைகளையும் அங்கேதான் அடுக்கியிருந்தோம். போய் மூட்டையை இழுத்தேன். பின்னால் கடலைத் தொலி குவிந்து கிடந்தது, எலிப் புழுக்கை, நடுவே பொடிப்பொடியாகத் தோல். அடுத்த சரக்குக்குப் பூட்டி வைத்திருந்த வால்வுகள் பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு நின்றன. ஒன்றை எடுத்து உள்ளே விரல் விட்டுத் தடவினேன். ஓரம் போயிருந்தது. அடுத்ததிலும் போயிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கனம் தெரியவில்லை. அந்த இரும்பை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வாசற்படியைத் தாண்டி, பட்டறைக்குள் போய், சாமி படத்துக்கு நேர் கீழே மேசைமேல் வைத்தேன்.

இவர் மெஷினை நிறுத்தினார். "என்ன காரியம் செய்யிறே நீ?"

"எலியைக் காட்டுறேன். கையை விட்டுப் பாருங்க."

"அதை வெளிய எடு முதல்ல."

"பாத்தாத்தான் எடுப்பேன். கப்பல் எலியும் இல்லை, நாத்தத் தோலும் இல்லை. நம்ம கடலை மூட்டையில குடியிருக்குற எலி. தோலு வச்ச வால்வு உள்ள வந்தா தீட்டுன்னு அது பக்கத்துல கொண்டுபோயி வச்சது யாரு? கடலை எண்ணெயைத் தடவச் சொன்னது யாரு? அந்தாளா?"

நடக்காமல் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. பிறகு விரலை விட்டுப் பார்த்தார். கையைக் கழுவவில்லை, வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எழுது" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பழுது எங்களுடையது, வால்வைத் திருப்பி அனுப்பச் சிரமப்பட வேண்டாம், எல்லா வால்வுக்கும் புதுத் தோல் வெட்டித் தபாலில் அனுப்புகிறோம், ஒரு திருகாணியைக் கழற்றினால் அங்கேயே மாற்றிவிடலாம், கமக்காரரிடம் எங்களுக்காக வருத்தம் சொல்லவும். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோல் வெட்டுவது யார்?

அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்னவாசல் ரோட்டில் போனார். தோல் வேலைக்காரர் குடியிருந்த தெருவுக்கு அவர் போனது அதுதான் முதல் தடவை. என்ன பேசினார், வருத்தம் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்டதற்கு "வருவான்" என்றார். மறுநாள் சாக்குச் சுருளோடு வேப்பமரத்தடியில் ஆள் வந்து உட்கார்ந்தபோது எனக்கு மூச்சு வந்தது.

அதன்பிறகு ஊறவைக்க வேப்பெண்ணெய் வாங்கினோம். பூட்டிய வால்வுகள் சாய்ப்புக்குப் போகவில்லை. பட்டறைக்கு உள்ளே மூடிபோட்ட பெட்டிக்குப் போயின. தோல் வேலைக்காரர் ஒவ்வொன்றாக வாசற்படியில் வைப்பார், இவர் உள்ளேயிருந்து எடுத்துக்கொள்வார். சாமி படம் அதே இடத்தில்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது: தோல்கள் சரியாகப் பொருந்தின, தண்ணீர் நிற்கிறது, இன்னும் நான்கு பெட்டி வேண்டும். இவர் அதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக நடந்தார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் பலமாகப் பிடித்துக்கொண்டது. வேப்பமரம் ஒழுகியது. தோல் வேலைக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பூட்டிய வால்வுகள் நனையாமல் அவற்றை ஒவ்வொன்றாக வாசற்படிக்கு நகர்த்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே எடுத்து வைத்தேன். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "தோலு உள்ள போயிருச்சுங்க ஆத்தா. நான் எப்பங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டார். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே திரும்பி என் வீட்டுக்காரரிடம், "அந்தாளை உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க. மழை கொட்டுது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மெஷினைப் போட்டார். அந்த இரைச்சலில் நான் மறுபடி சொன்னது எனக்கே கேட்கவில்லை.