சரித்திரத் தாளில் நான் எழுதிய பிரசங்கம்

வங்காலையில் எங்கள் வீட்டுக்குத் தபாலில் வந்த அந்தக் கடிதத்தை அடுப்புக்குள் போடத்தான் முதலில் நினைத்தேன். சீனியர் பரீட்சைக்கு ஒரு மாதமே இருந்தது. மன்னார்ப் பட்டினத்து ஆசிரியர் ஒருவர் தபால் மூலம் எனக்குப் பாடம் சொல்லித் தந்தார். அவர் வைத்த மாதிரிச் சரித்திரத் தாளில் தவறிவிட்டேன். "இந்த முறை பாஸ் பண்ணாட்டி புத்தகத்தைக் கட்டி வை, மாப்பிள்ளை பாக்கிறன்" என்று அப்பா சொல்லியிருந்தார். தேறினால் வாத்தியார் வேலை, தவறினால் கல்யாணம் என்பது பரீட்சையின் சரித்திரத் தாளில்தான் இருந்தது.

போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியதற்குக் காரணங்கள் என்ன? இதுதான் மாதிரித் தாளின் முதல் கேள்வி. கோயில் திருநாளில் வருடாவருடம் கேட்ட கதையை, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்ததற்காக யாழ்ப்பாண அரசன் எங்கள் சனத்தை வெட்டிய கதையை, கண்ணீரோடு ஆறு பக்கம் எழுதினேன். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடவே நேரமிருக்கவில்லை.

"நீர் எழுதியது பிரசங்கம். கேட்டது காரணம்," என்று தொடங்கியது கடிதம். "ஐந்து கேள்வி, மூன்று மணித்தியாலம். ஒன்றுக்கு முப்பத்தைந்து நிமிடம். அது முடிந்தால் பாதி வசனத்திலும் நிறுத்தும். முதல் ஐந்து நிமிடம் காரணங்களை மட்டும் துண்டுக் கடதாசியில் குறியும். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு சம்பவம் போதும். தினம் ஒரு கேள்வி எழுதிப் பழகும். சனிக்கிழமை புத்தகத்தைப் பூட்டிவிட்டு முழுத்தாளும் எழுதி அனுப்பும், திருத்தித் தருவேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சனம் செத்தது இந்த மனிதருக்குப் பிரசங்கமா? "செத்தவையளைத் துண்டுக் கடதாசியில எழுதச் சொல்லுறியளோ, மாஸ்டர்?" என்று பேசுகிற மாதிரியே எழுதி அனுப்பினேன். மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரே ஒரு கேள்வி.

"அவர்கள் செத்ததால் ஆதாயம் அடைந்தது யார்? முப்பத்தைந்து நிமிடம்."

மணிக்கூட்டை முன்னால் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு குறித்தேன். முத்துக் குளிப்பு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே போகும் கப்பல்களைக் காவல் காக்க ஒரு இடம். யாழ்ப்பாணத்தைப் பிடிக்கக் காலூன்ற ஒரு தளம். வெட்டுப்பட்ட சனத்துக்கு நியாயம் கேட்கிறோம் என்ற பேச்சு இத்தனைக்கும் வசதியாக இருந்திருக்கிறது. வெட்டு நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் வந்திருக்கிறார்கள். வந்ததும் கோட்டை கட்டினார்கள், முத்தை அள்ளினார்கள். அதுவரை ஆசிரியர் மேல் இருந்த கோபம் இப்போது கோட்டைப் பக்கம் திரும்பிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையையும் நான் விடவில்லை. பரீட்சையில் தேறினேன். மாப்பிள்ளைப் பேச்சை அப்பா தள்ளி வைத்தார்.

அடுத்த திருநாளில் சுவாமியார் அதே கதையைச் சொன்னார். பக்கத்தில் அம்மா விம்மினார். எனக்கு அழுகை வரவில்லை. விரல் மடித்துக் காரணங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அழுகையை என்னிடமிருந்து பறித்ததற்காக அந்த மாஸ்டர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.