உதாரணம் சொல்லிக் கெட்டேன்

நான் எழுதியவற்றில் இதுவரை விலைபோனவை ரெண்டே ரெண்டு கடிதங்கள்தான். அதுவும் மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில்.

அப்போது உப்பளங்களைத் தாண்டிப் போகும் சாலையோரத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சி மாணவன் நான். கூடவே வகுப்புக்கு டீச்சிங் அசிஸ்டெண்ட். பெயர் பெரிசு, வேலை, எங்கள் பேராசிரியை மேடம் பாடம் நடத்தும்போது புரொஜெக்டர் வயரை ஆட்டிப் பிடிப்பது. அந்த வருஷம் மேடத்தின் ஸ்லைடுகளிலிருந்து பரீட்சைக்கு ஒரு ரிவிஷன் பேக் தயாரிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு ஸ்லைடையும் ஒரு கேள்வியாக்கினேன். வரைபடம் மட்டும் இருந்த ஸ்லைடுகளுக்கு வெறும் எக்ஸ், ஒய் அச்சுக்கோடுகளைப் போட்டு, வரைய இடம் விட்டேன். விடைகள் எல்லாம் கடைசியில். மேலே ஒரு கடிதம் வைத்தேன்.

"அன்பு மாணவர்களே, ஸ்லைடைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். நம்பாதீர்கள். மூடி வைத்துவிட்டு எழுதுங்கள், பிறகு விடையைப் பாருங்கள். உதாரணமாக, உப்புத் தண்ணீர் எந்தக் குளிரில் உறையும் என்று காட்டும் வரைபடத்தைக் கண்டிப்பாக ஒருமுறை பார்க்காமல் வரையுங்கள்."

எழுதி முடித்ததும் நானே நாலு தடவை படித்துப் பூரித்துப் போனேன். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

பேக்கை வகுப்பில் கொடுத்து ரெண்டு நாள் கழித்து என் ஆதார் கார்டை ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். மெஷினிலிருந்து என் கடிதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. கடிதம் மட்டும். வாங்கியவர்கள் "கண்டிப்பாக" என்ற வார்த்தைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இதுக்குப் பின்னாடி ஒரு கட்டு பேப்பர் இருக்குமே?"

"அது வேணாம்னுட்டாங்க சார். இந்த லெட்டர்தான் ஓடுது. கேள்வி லீக்காமே?"

எனக்குத் திக்கென்றது. கேள்வித்தாள் யுனிவர்சிட்டியிலிருந்து வருவது. மேடத்துக்கே தெரியாது. எனக்கு எங்கே தெரியும்?

பெஞ்சில் எங்கள் மாணவி ஒருத்தி காத்திருந்தாள். அப்பா துபாயில். அவளுக்குப் பாண்டிச்சேரியில் ஒரு லேபில் வேலை உறுதியாகியிருந்தது. இந்த ஒரு அரியர் பேப்பர் பாஸானால்தான் சேர முடியும். அவள் மடியில் இருந்த நோட்டில் உப்புத் தண்ணீர் வரைபடம் பக்கம் பக்கமாக இருந்தது. வேறொன்றும் இல்லை.

"மத்ததெல்லாம் படிக்கலியா?"

"நீங்கதான் சார் சொல்லிட்டீங்களே."

"அது சும்மா உதாரணம்மா. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்படித்தான் சார் சொல்லணும். நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ரெண்டு பையன்கள் எனக்கு மரியாதையாகத் தலையாட்டினார்கள். வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை.

அன்றே வகுப்பு வாட்சப்பில் மறுப்புக் கடிதம் போட்டேன்: "எந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியாது." பதிலுக்கு வாயை மூடிய குரங்குப் பொம்மையாக வந்து குவிந்தது. ஒருவன், "புரிஞ்சுது சார்" என்று எழுதியிருந்தான்.

நேராக மேடத்திடம் ஓடினேன். கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார்கள்.

"ஏம்பா, ஒண்ணே ஒண்ணை உதாரணம்னு சொன்னா அதை இம்பார்ட்டெண்ட்னுதான் படிப்பாங்க. நீ எந்த ஊர்ல படிச்ச?"

இதே ஊரில்தான். வாத்தியார் ஒரு வரியை ரெண்டு தடவை சொன்னால், பேனாவைத் திறந்து நட்சத்திரம் போட்ட ஆள்தான் நான்.

"அந்த ஒரு படத்தை மட்டும் படிச்சா ஒரு பொண்ணோட வேலையே போயிடும் மேடம். இல்லைன்னு சொன்னாலும் நம்ப மாட்டேங்குறாங்க."

"அவங்க நம்பறதையே சொல்லேன்" என்றார்கள்.

மூன்றாவது கடிதம் எழுதினேன். அதில் உதாரணத்துக்குப் பஞ்சமே இல்லை. "உதாரணமாக முதல் ஸ்லைடைக் கண்டிப்பாகப் பார்க்காமல் எழுதுங்கள். உதாரணமாக இரண்டாவது ஸ்லைடை..." இப்படியே பேக்கில் இருந்த அத்தனை ஸ்லைடுக்கும். கடைசி வரியில், "இதை வெளியில் சொல்லாதீர்கள்" என்று சேர்த்தேன். அது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் அந்த ஒரு வரிக்குத்தான் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் தாங்கவில்லை. இந்த முறை கட்டு மொத்தமும் போயிற்று.

பரீட்சை அன்று மரத்தடியில் காத்திருந்தேன். முதலில் வெளியே வந்த பையனிடமிருந்து கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். பெரிய கேள்விகளில் முதலாவது: உப்பு–நீர் வரைபடத்தை வரைந்து விளக்குக.

போலீஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று ரோட்டைப் பார்த்தேன். பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்தப் பெண் கடைசியாக வந்தாள்.

"வரைஞ்சியா?"

"இல்ல சார். அதைத்தான் சாய்ஸ்ல விட்டுட்டேன்."

"ஏம்மா?"

"எல்லாரும் அதையே எழுதுனா உங்களுக்குப் பிரச்சினை வரும்ல? மத்தது எல்லாம்தான் பேக்ல இருந்துச்சே, அதை எழுதிட்டேன்."

பாஸாகிவிட்டாள். இப்போது லேபில் இருக்கிறாள். நான் லீக் செய்யவில்லை என்பதை மட்டும் இன்னும் நம்பவில்லை.